எல்.சி. திருத்தம் கேட்டு வாங்குபவருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: வெளிநாட்டு வாங்குபவர் 84,000 டாலருக்கு எல்.சி. திறந்திருக்கிறார். ஜூன் 10-க்குள் கப்பலில் ஏற்ற வேண்டும், எல்.சி. ஜூன் 20 அன்று அவருடைய வங்கியில் முடிகிறது. எங்கள் சரக்கு ஜூன் 18-க்குத்தான் தயாராகும். அவருடைய பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ் வேண்டும், மூன்று அசல் பில் ஆஃப் லேடிங்கில் ஒன்றை நேரே அவருக்கு கூரியர் செய்ய வேண்டும் என்றும் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டும் எங்கள் ஒப்பந்தத்தில் கிடையாது. "முதலில் அனுப்புங்கள், பணம் வந்துவிடும்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: திருத்தம் கைக்கு வராமல் சரக்கை ஏற்றாதீர்கள். அவருடைய மெயில் அவரைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அவருடைய வங்கியைக் கட்டுப்படுத்தாது. யுசிபி 600 விதிகளின்படி எல்.சி. வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு. வங்கி காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். தேதி தவறிய காகிதத்தை நீங்கள் கொடுத்தால், ஏற்பதா வேண்டாமா என்று வங்கி அவரைக் கேட்கும், அதற்குள் சந்தை விலை இறங்கியிருந்தால் அவர் தள்ளுபடி கேட்பார். சரக்கோ துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டு நிற்கும்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கோரிக்கைகள் எல்லாம் ஒரே வகை இல்லை. ஆய்வுச் சான்றிதழும் அசல் பில்லும் ஒப்பந்தத்தில் இல்லாதவை, அதனால் அவற்றை நீக்கச் சொல்வது உங்கள் உரிமை. தேதி மட்டும் அவரிடம் சலுகையாகக் கேட்பது, தாமதம் உங்களுடையது. இரண்டையும் ஒரே தொனியில் எழுதினால் உரிமையும் சலுகை ஆகிவிடும்.

ஆபத்து அதிகம் ஆய்வுச் சான்றிதழில்தான். அவருடைய ஆள் வரவில்லை, வந்தும் கையெழுத்துப் போடவில்லை, போட்ட கையெழுத்து வங்கியில் இருக்கும் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை, இதில் எது நடந்தாலும் உங்களுக்குப் பணம் இல்லை, தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. பணம் தருவதா என்ற முடிவு முழுவதும் அவர் கையில் போய்விடுகிறது. அவருக்குத் தரம் பற்றி உண்மையான கவலை இருந்தால், சுயேச்சையான ஆய்வு நிறுவனம் ஒன்றைப் பெயர் சொல்லி எல்.சி.யில் போடச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு முன் அவர்கள் பார்த்துச் சான்றிதழ் தரட்டும்.

அசல் பில் விஷயமும் அப்படித்தான். மூன்றில் ஒன்றைக் காட்டினாலே கப்பல் நிறுவனம் சரக்கைக் கொடுத்துவிடும். சரக்கு அவரிடம் போன பிறகு, வங்கி ஏதோ ஒரு எழுத்துப்பிழையைக் காட்டி காகிதங்களைத் திருப்பினால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. பயணம் குறுகியது, காகிதம் தாமதமாக வரும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பில்லை எல்.சி. திறந்த வங்கியின் ஆணைக்கு எழுதலாம் என்று சொல்லுங்கள். அப்போது வங்கி பின்பக்கம் கையெழுத்துப் போடாமல் அவர் சரக்கை எடுக்க முடியாது.

தேதிக்கு வருவோம். 18-ஆம் தேதி தயார் என்றால் 18 என்று கேட்காதீர்கள், கப்பலில் இடம் கிடைக்க நாள் வேண்டும். எல்.சி.யில் 44C என்ற பகுதியில் உள்ள ஏற்றும் தேதியை ஜூன் 30 ஆகவும், 31D பகுதியில் உள்ள முடியும் தேதியை ஜூலை 21 ஆகவும் கேளுங்கள். எல்.சி. வேறு சொல்லாவிட்டால் ஏற்றியதிலிருந்து 21 நாளுக்குள் காகிதம் கொடுக்கலாம், ஆனால் முடியும் தேதியைத் தாண்டக்கூடாது. முடியும் இடத்தையும் உங்கள் நாட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், கூடவே காகிதத்தை எந்த வங்கியில் கொடுக்கலாம் என்று சொல்லும் 41D-யையும் "எந்த வங்கியிலும்" என்று. இல்லாவிட்டால் கூரியர் தாமதமும் உங்கள் தலையில் விழும்.

கடிதத்தின் சாரம் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் எல்.சி. கிடைத்தது, நன்றி. 46A-இல் உள்ள உங்கள் பிரதிநிதியின் ஆய்வுச் சான்றிதழும், அசல் பில் ஒன்றை நேரே அனுப்பும் நிபந்தனையும் நம் ஒப்பந்தத்தில் இல்லை. முதலாவதற்குப் பதில் சுயேச்சை நிறுவனத்தின் சான்றிதழைப் போட்டு, இரண்டாவதை நீக்கி, முழு செட் அசல் பில்லும் வங்கி வழியே வரும்படி திருத்தித் தாருங்கள். இவற்றுக்கான கட்டணம் உங்களுடையது. தனியாக ஒரு வேண்டுகோள்: உற்பத்தி தாமதமானதால் 44C ஜூன் 30 என்றும், 31D ஜூலை 21, எங்கள் நாட்டில் என்றும், 41D எந்த வங்கியிலும் என்றும் மாற்ற வேண்டுகிறோம். தேதி நீட்டிப்புக்கான கட்டணத்தை நாங்கள் ஏற்கிறோம். ஒப்பந்தத்திலும் ஏற்றும் தேதி ஜூன் 30 என மாறுவதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எல்.சி. தேதி மாறினாலும் ஒப்பந்தத் தேதி பழையதாகவே நின்றால், தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க அவருக்கு இடம் இருக்கும்.

அவர் சம்மதித்தால் அவருடைய வங்கி MT707 என்ற திருத்தச் செய்தியை அனுப்பும், அது உங்கள் வங்கி மூலம் வரும். வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். தேதியை நீட்டித்துவிட்டு ஆய்வு நிபந்தனையைப் புது வார்த்தையில் மறுபடி நுழைத்திருந்தால், தேதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பாதியை ஏற்பது முழுவதையும் மறுத்ததாகத்தான் ஆகும். பிடிக்காவிட்டால் உடனே எழுதி மறுத்துவிட்டுச் சரியான திருத்தம் கேளுங்கள். நீங்கள் ஏற்கும்வரை பழைய நிபந்தனைகள்தான் நடப்பில் இருக்கும், அதில் ஜூன் 10-உம் அடக்கம், அதனால் கடிதம் இன்றே போகட்டும்.