கையால் வரைந்த வழிப்படத்தை 1, 2, 3 என்று எழுதுவது

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் விசேஷம். வழியைப் பேப்பரில் வரைந்து போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். சேலத்திலிருந்து காரில் வரும் சொந்தக்காரர்களுக்கு இதை எப்படி வரிசையாக எழுதிக் கொடுப்பது?

கோட்டின் நீளத்தைப் பார்த்துத் தூரம் போடவே போடாதீர்கள். வரைகிறவர் எல்லோருக்கும் தெரிந்த பாதையைச் சுருக்கி, குழப்பமான கடைசித் துண்டைப் பெரிதாக்குவார். 20 கொண்டை ஊசி வளைவும் இரண்டு விரற்கடைக்குள் அடங்கிவிடும். எஸ்டேட் மண்பாதை பாதித் தாளை அடைத்திருக்கும். எழுத்தில் இருப்பது மட்டுமே தூரம்.

அடுத்து இடது, வலது. தாளில் கீழ்நோக்கிப் போகிற பாதையிலிருந்து தாளின் வலப்பக்கம் பிரிகிற கோடு, வண்டியில் வருகிறவருக்கு இடப்பக்கம். பலரும் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு திருப்பத்திலும், போகிற திசை மேலே இருக்கும்படி போட்டோவைச் சுழற்றிவிட்டு எழுதுங்கள். தாளின் மடிப்பும் போட்டோவில் சாலைபோல் தெரியும். ஓரத்திலிருந்து ஓரம் வரை நேராக ஓடினால் அது மடிப்பு.

உங்கள் படம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

1. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம். தூரம் குறிக்கவில்லை.
2. மலைப்பாதையில் 20 வளைவுகளும் முடியும்வரை எங்கும் பிரிய வேண்டாம்.
3. ஒண்டிக்கடை ரவுண்டானா. நாகலூர் என்று அம்புக்குறி போட்ட சாலையைப் பிடிக்கவும். வட்டத்தில் எத்தனையாவது பிரிவு என்பது தெளிவில்லை, அங்கே கேட்டுக்கொள்ளவும்.
4. வலப்பக்கம் சிலுவைக்குறி, மாதா கோயிலாக இருக்கலாம். தூரம் 1 அல்லது 1½ கி.மீ. (எண்ணின் மேல் மடிப்பு விழுந்திருக்கிறது).
5. அதைத் தாண்டி இடப்பக்கம் முதல் மண்பாதை. "கொஞ்ச தூரம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.
6. காபி காயவைக்கும் களம், பக்கத்தில் பச்சை கேட். பள்ளிக்கூடம் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், திரும்பி வரவும்.

"கொஞ்ச தூரம்" என்பதை நீங்களாக 500 மீட்டர் ஆக்கிவிடாதீர்கள். எண்ணைப் பார்த்தால் ஓட்டுபவர் மீட்டரை நம்பி, 500 ஆனதும் கண்ணில் படுகிற ஏதோ ஒரு பாதையில் திரும்பிவிடுவார். தூரம் தெரியாத இடத்தில் ஆறாவதில் இருப்பதுபோல் 'தாண்டிவிட்டால் என்ன வரும்' என்பதைச் சேருங்கள். படத்தில் அது பெரும்பாலும் இருக்காது. வரைந்தவருக்கு போன் போட்டு அதையும், அந்தச் சிலுவை கோயிலா ஆஸ்பத்திரியா என்பதையும், எண் 1-ஆ 1½-ஆ என்பதையும் கேட்டுவிடுங்கள்.

லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக அனுப்பலாம். ஆனால் எஸ்டேட் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். புள்ளியும் கேட்டில் விழாமல் தோட்டத்தின் நடுவில் விழலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடையாளம் என்று 'பெரிய சில்வர் ஓக் மரம்' வரைகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. காபித் தோட்டம் முழுக்க நிழலுக்கு நிற்பதே அந்த மரம்தானே! மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பதே தெரியாது. சாலையோரம் ஒட்டி நிற்கிற கேட், பாலம், பெயர்ப்பலகை இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி, மரத்தை எடுத்துவிட்டு எழுதுங்கள்.