வீடு விற்ற பணம் எஃப்.டி.யில் கிடக்கிறது, வரிவிலக்கு கிடைக்குமா?

"2015-ல் 24 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025 ஜூன் 12-ல் 80 லட்சத்துக்கு விற்றேன். தரகுக் கூலி 1 லட்சம். வேறு வீடு அமையவில்லை, பணத்தை எஃப்.டி.யில் போட்டிருக்கிறேன். 80 லட்சத்தையும் வீட்டில் போட்டால்தான் விலக்கு என்கிறார் தரகர். உண்மையா?"

இல்லை. வீட்டை விற்று வீடு வாங்கும்போது லாபத்தை மட்டும் முதலீடு செய்தால் போதும். உங்கள் லாபம் 55 லட்சம். மீதிப் பணம் உங்கள் விருப்பம். முழுத்தொகை நிபந்தனை மனை, நகை போன்றவற்றை விற்று வீடு வாங்குவோருக்கானது. பெரிய வீட்டை விற்றால் கமிஷன் கூடும் என்பதால் தரகர்கள் இந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்துவதில்லை.

புதிய வீட்டை 2027 ஜூன் 12-க்குள் வாங்கவேண்டும். கட்டுவதானால் 2028 ஜூன் 12 வரை அவகாசம். ஆனால், அதுவரை சாதாரண எஃப்.டி. செல்லாது. வருமான வரி ரிட்டர்னுக்கான கடைசி நாள், அதாவது 2026 ஜூலை 31-க்குள், செலவழிக்காத லாபத்தை 'மூலதன ஆதாயக் கணக்குத் திட்டம்' என்ற தனிக் கணக்கில் போட்டாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள். பிறகு நோட்டீஸ் வருகிறது. கிராமப்புறக் கிளைகளில் இந்தக் கணக்கு கிடையாது, நகரக் கிளைக்குப் போங்கள். 'ஏ' வகை சேமிப்புக் கணக்கு, 'பி' வகை டெபாசிட். சீக்கிரம் வாங்குவதானால் 'ஏ' வசதி. எடுத்த பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவிட வேண்டும். எல்லாம் முடிந்து கணக்கை மூட, வரி அதிகாரியின் ஒப்புதலோடு படிவம் 'ஜி' கேட்பார்கள். சொந்தப் பணத்தை எடுக்க ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலையவிடும் இந்த முறை இன்னும் நீடிப்பது அநியாயம். பத்திரம், ரசீதுகளைச் சேர்த்து வைத்திருங்கள்.

வீடே வேண்டாம் என்றால், லாபத்தைப் போட்டு வரிவிலக்கு பெற 54இசி கடன்பத்திரங்கள் இருக்கின்றன. ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. விற்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள், உங்களுக்கு 2025 டிசம்பர் 12-க்கு முன்பே, பணம் போய்ச்சேர வேண்டும். உச்சவரம்பு 50 லட்சம். முழுவதும் போட்டால் மிச்சமுள்ள 5 லட்சத்துக்கு 12.5% என்று கணக்கிட்டால் வரி 62,500 ரூபாய், அதன் மேல் 4% செஸ். மொத்தம் 65,000 ரூபாய். 20 லட்சம் பத்திரம், 35 லட்சம் வீடு என்று பிரித்தும் செய்யலாம். பணம் 5 ஆண்டுக்கு முடங்கும், வட்டி 5.25%தான், அதற்கும் வரி உண்டு. இடையில் இதை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால் விலக்கு போய்விடும். கடன் ஏற்பாடு செய்கிறேன் என்று வரும் ஏஜென்டை நம்பாதீர்கள். விண்ணப்பத்தை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாகச் செய்யலாம், ஏஜென்டுக்குத் தனியாக எதுவும் தரவேண்டியதில்லை.

அடுக்குமாடி பில்டரிடம் முன்பணம் கட்டுவதானால் கவனம். 'ஒப்பந்தம் போட்டாலே விலக்கு வந்துவிடும்' என்பார். கட்டுமானம் 2028 ஜூனைத் தாண்டினால் பதில் சொல்லவேண்டியது நீங்கள், அவர் அல்ல. பாதிக்கு மேல் எழும்பிய கட்டடமா என்று நேரில் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். பிள்ளைகள் பெயரில் வாங்கினால் வழக்கில்தான் முடியும். வாங்கிய வீட்டை 3 ஆண்டுக்குள் விற்றால் இன்று தப்பிய வரி அன்று வந்து சேரும்.