இரண்டு பச்சைப் பெல்ட் போதுமா?

"பரந்தனில் எங்கட அரிசி ஆலைக்கு 3 தொன் ஜெனரேட்டர் வருது. தூக்கும் காதுகள் இரண்டுக்கும் இடையில 3 மீட்டர். 2 மீட்டர் நீளமான பச்சை நிற 2 தொன் பெல்ட் இரண்டு இருக்கு. சேர்த்தால் 4 தொன், தாராளம் என்கிறார் கிரேன் பிடித்துத் தாற அண்ணை. நம்பலாமோ?"

நம்ப வேண்டாம். அந்த 2 தொன், பெல்ட் நேராகத் தொங்கும்போது மட்டும். தண்ணீர் வாளியை இருவர் பக்கத்தில் நின்று தூக்கினால் சுகம். விலகி நின்றால் தோள் இழுக்கும். பெல்ட்டுக்கும் அதுதான்.

கணக்கு இலகு. பெல்ட்டின் நீளத்தை, காதுகளுக்கு மேலே கொக்கி நிற்கும் உயரத்தால் வகுத்து, எடையின் பாதியால் பெருக்குங்கள். 2 மீட்டர் பெல்ட்டில் கொக்கி 1.32 மீட்டர் உயரத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு பெல்ட்டிலும் ஏறக்குறைய 2.27 தொன் இழுவை வரும். பச்சை தாங்க வேண்டியதை விட அது அதிகம். பெல்ட் 3 மீட்டர் என்றால் கொக்கி 2.6 மீட்டருக்கு ஏறும், இழுவை 1.73 தொன்னாக இறங்கும். பெல்ட்டுகளுக்கு இடையிலான கோணம் அப்போது 60 பாகை. 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 3 தொன்னையும் சுமக்கும். அதைத் தாண்டவே கூடாது.

ஆகவே 3 மீட்டர் நீளத்தில் மஞ்சள், அதாவது 3 தொன் பெல்ட் இரண்டு எடுங்கள். கணக்குப்படி பச்சையும் போதும்தான். ஆனால் ஜெனரேட்டரின் தகட்டிலுள்ள எடையில் டீசல் சேர்ந்திருக்காமல் இருக்கலாம். கொட்டகைக் கூரை இடிக்கிறதென்றால் வெளியே இறக்கிக் குழாய்களில் உருட்டி உள்ளே கொண்டுபோங்கள். கூரைக்காகப் பெல்ட்டைக் குறுக்காதீர்கள்.

நாலு காது இருந்தால் நாலு பெல்ட் போட்டு எடையை நாலாகப் பிரிப்பார்கள். ஆனால் ஜெனரேட்டரின் இரும்புச் சட்டம் வளையாது. ஒரு பெல்ட் விரலளவு நீண்டிருந்தாலும் அது தளர்ந்து நிற்கும், எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு பெல்ட்டுகளே சுமக்கும். தூக்கும்போது தட்டிப் பாருங்கள், தளர்ந்தது ஆடும். நாலு போட்டாலும் இரண்டு என்றே கணக்குப் போடுங்கள்.

"எழுதியிருக்கிறதைப் போல ஏழு மடங்கு தாங்கும்" என்பார் அண்ணை. அந்த மிச்சம் உலுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் வெயிலுக்கும் வைத்தது, உங்களுக்குச் செலவழிக்க அல்ல. மாங்குளத்தில் ஒரு தரகர் எனக்குக் கொண்டுவந்த பெல்ட்டில், எத்தனை தொன் தாங்கும் என்று எழுதிய துணிச்சீட்டையே வெட்டியிருந்தது. கேட்டால், "நிறத்தைப் பாருங்கோ." வெளிறிப்போன நிறத்தில் நான் என்னத்தைப் பார்ப்பது? திருப்பி அனுப்பினேன், அரை நாள் போனது. கிரேன் சான்றிதழையும் சாரதியின் அனுமதிப்பத்திரத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்த அதிகாரி, பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது! எத்தனை வருடமாகச் சொல்கிறோம்.

சீட்டு இல்லாத பெல்ட் கொக்கியில் ஏறக்கூடாது. இருக்கிற பச்சைதான் போதும் என்று அண்ணை இன்னும் நின்றால், பெல்ட் இறுகும்வரை மட்டும் கொக்கியை ஏற்றச் சொல்லி, அளவு நாடாவை அவர் கையிலேயே கொடுத்து அந்த 1.32 மீட்டரை அளக்க விடுங்கள்.