புது நர்ஸ்களுக்கான ஓரியண்டேஷன்: சர்வேயையும் நேர்காணலையும் எப்படி இணைப்பது?

கேள்வி: எங்க ஆஸ்பத்திரியில இந்த வருஷம் 40 புது ஸ்டாஃப் நர்ஸ் சேர்றாங்க. 6 வார ஓரியண்டேஷன் பலன் தருதான்னு சர்வே, நேர்காணல் ரெண்டும் வெச்சு மதிப்பிடச் சொல்லியிருக்காங்க. எப்படித் திட்டம் போடறது?

முதலில் சர்வே எடுங்கள். யாரிடம் பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது என்பதை அதன் முடிவை வைத்துத் தீர்மானியுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தினால், எண்கள் எழுப்பும் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் போகும்.

புதிய நர்ஸ்களுக்கென்றே உருவான கேசி-ஃபிங்க் சர்வே இருக்கிறது. ஆதரவு, நோயாளி பாதுகாப்பு, மன அழுத்தம் போன்றவற்றைக் கேட்கும். அனுமதி வாங்கி, போன வருடம் சேர்ந்த சிலரிடம் கொடுத்து, புரியாத வரிகளைக் கண்டுபிடியுங்கள்.

சேரும் நாள், 6ஆவது வாரம், 3ஆம் மாதம், 6ஆம் மாதம் என்று நான்கு முறை எடுங்கள். 6ஆவது வாரத்தில் சீனியர் பக்கத்திலேயே இருப்பார், மதிப்பெண் நன்றாகத்தான் வரும். தனியாக நைட் டியூட்டி பார்க்கத் தொடங்கியதும் அது இறங்கலாம். படிப்புக்கும் வார்டுக்கும் உள்ள இடைவெளி தரும் இந்த அதிர்ச்சியை அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இறங்கியதை மட்டும் வைத்துப் பயிற்சி தோற்றது என்று எழுதாதீர்கள். 6ஆம் மாதத்திலும் எது மீளவில்லை என்று பாருங்கள்.

3ஆம் மாதத்தில் மருந்து கொடுக்கும் நம்பிக்கை ஏறி, டாக்டரிடம் பேசும் நம்பிக்கை மட்டும் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் அதிகம் இறங்கிய ஐந்தாறு பேரையும், ஏறிய ஐந்தாறு பேரையும் நேர்காணலுக்குத் தேர்ந்தெடுங்கள். "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு மேடம்" என்பதோடு முடிந்துவிடும். "கடைசியா ராத்திரி டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டப்ப என்ன நடந்தது?" என்று கேளுங்கள். எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை என்றால் பயிற்சியில் குறை. தெரிந்தும், போனில் திட்டு வாங்கியதால் தயங்குகிறார் என்றால் இன்னொரு வகுப்பு எடுத்துப் பயனில்லை, டாக்டர்களிடம்தான் பேச வேண்டும். இந்த வித்தியாசத்தை மதிப்பெண் சொல்லாது. எண், அவர்கள் சொன்னது, அதனால் எடுக்கும் முடிவு என்று மூன்றையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். முரண்பட்டால் முரண்பாட்டையும் எழுதுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களை விட்டுவிடாதீர்கள். சிரமப்பட்டவர்கள் விலகினால் மிச்சமிருப்பவர்களின் சராசரி தானாகவே ஏறும். அதனால் 6ஆம் மாத மதிப்பெண்ணை, அதுவரை இருந்தவர்களின் முதல் நாள் மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், விலகியவர்களிடம் போனில் தனியே பேசுங்கள்.

வார்டு இன்சார்ஜோ பயிற்சி கொடுத்தவரோ நேர்காணல் எடுக்கக் கூடாது. பாண்ட் முடியாத பெண் அவர்களிடம் மனம் திறக்க மாட்டாள். நான்கு சர்வேக்களையும் இணைக்கப் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் கொடுத்து, அந்தப் பட்டியலை நர்சிங் அலுவலகத்துக்கு வெளியே வைத்திருங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது வருவதற்குள் பேட்ச் சேர்ந்து வகுப்பு தொடங்கிவிட்டால், முதல் நாள் அளவை அப்புறம் எடுக்கவே முடியாது.