கலப்பெண்களில் எது பெரியது?

“முதலில் மெய்ப்பகுதியையும், அது சமமானால் கற்பனைப்பகுதியையும் ஒப்பிட்டு, 3+2i என்பது 1+5i-ஐ விடப் பெரியது என்று சொல்லக் கூடாதா?”

வரிசைப்படுத்த மட்டும் என்றால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த வரிசை பெருக்கலோடு ஒத்துப்போகாது. மெய்யெண்களில் இரண்டு மிகை எண்களின் பெருக்கற்பலன் மிகையாகவே இருக்கும், சமனிலிகளைத் தீர்க்கும்போது நாம் நம்பியிருப்பதும் அதையே. உங்கள் விதிப்படி i > 0. இரு பக்கமும் i-ஆல் பெருக்கினால் −1 > 0 என்று வருகிறது, அதே விதியோ −1 < 0 என்கிறது.

வேறு விதி வகுத்தாலும் தப்ப முடியாது. i < 0 என்று வைத்தால் −i > 0 ஆகும், அதன் வர்க்கமும் −1 தான். ஆகவே எப்படியும் −1 > 0. இதை மீண்டும் வர்க்கப்படுத்தினால் 1 > 0, இரண்டையும் கூட்டினால் 0 > 0.

மட்டு மதிப்பை ஒப்பிடுவது பயனுள்ளதுதான், ஆனால் 3+4i, 5 ஆகிய இரண்டுக்கும் அது 5 என்பதால் அவற்றில் எது பெரியது என்று அது சொல்லாது.