அடிக்கல்லுக்கு அனுப்பிய பணம் நியூயார்க்கில் நின்ற கதை: கேள்வி பதில்

டர்பனில் ஒரு வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகள்.

சாட்ஸ்வொர்த், சங்கப் பொருளாளர்: மண்டப அடிக்கல்லுக்காக மாமல்லபுரம் சிற்பிக்கு 1,850 டாலர் அனுப்பினோம். ஒன்பது நாளாகியும் போய்ச் சேரவில்லை. வங்கியில் கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்பதோடு சரி. குறிப்பில் எழுதியது இதுதான்:

```
TAMIL FOUNDATION STONE 50PCT
```

முதல் இரண்டு சொல்லை மட்டும் படியுங்கள், அண்ணா. அதே பெயரில் ஒரு அமைப்பு இருந்தது. விடுதலைப் புலிகளோடு தொடர்புடையது என்று சொல்லி அமெரிக்க நிதித்துறை 2009 பிப்ரவரியில் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. நீங்கள் டாலரில் அனுப்பியதால் பணம் பெரும்பாலும் நியூயார்க் வங்கி ஒன்றின் வழியாகத்தான் போகும். அங்கே பெயர், முகவரி, குறிப்பு எல்லாவற்றையும் கணினி பட்டியலோடு ஒப்பிடும். நீங்கள் சொன்னது அஸ்திவாரக் கல் என்று அதற்கு எப்படித் தெரியும்? பெயர் ஒத்துப்போனால் நிறுத்திவிடும். அப்புறம் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கிளையில் இரண்டு விஷயம் கேளுங்கள்: பணம் எந்த வங்கியில் நிற்கிறது, அவர்கள் எழுத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள். பணம் எங்கே இருக்கிறது என்று தேட உதவும் UETR என்ற 36 எழுத்து எண்ணைச் சொன்னால் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வரும். நியூயார்க்குக்கு நீங்களே போன் போட்டுப் பயனில்லை. உங்கள் பதில் உங்கள் வங்கி மூலமாகத்தான் போயாக வேண்டும்.

பதில் ஒரு பக்கம் போதும். சங்கத்தின் பதிவுப் பெயரும் முகவரியும், சிற்பியின் முழுப்பெயரும் முகவரியும் எழுதுங்கள். குறிப்பில் உள்ள FOUNDATION STONE என்பது கட்டடத்தின் அடிக்கல்லைக் குறிக்கிறது, Tamil Foundation என்ற பெயருள்ள அமைப்புக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை என்று நேராகச் சொல்லுங்கள். சிற்பியின் பில்லையும், கல்லின் அளவும் வாசகமும் உள்ள வரைபடத்தையும் சேருங்கள். நாங்கள் நல்லவர்கள் என்று மூன்று பக்கம் வேண்டாம். பார்ப்பவருக்குத் தேவை "இது கல், அமைப்பு அல்ல" என்று கோப்பில் வைக்க ஒரு சான்று.

ஃபீனிக்ஸ்: எதற்கு இவ்வளவு பாடு? ரத்து செய்துவிட்டு "குடும்பச் செலவு" என்று போட்டு அனுப்பினால் போய்விடும். நான் அப்படித்தான் செய்வேன்.

குறிப்பைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதுவரை சரி, தம்பி. ஆனால் ஒரு பணம் பரிசீலனையில் இருக்கும்போது அதே தொகையை, அதே ஆளுக்கு, வேறு காரணம் சொல்லி அனுப்பினால் மறைக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் எண்ணுவார்கள். தவறான பொருத்தமாக முடிந்திருக்க வேண்டியது நிஜ சந்தேகமாகிவிடும். இது முடிந்த பிறகு மீதித் தொகைக்கு இப்படி எழுதலாம்:

```
INV 118 GRANITE PLAQUE BALANCE
```

குறிப்புக்கு வழக்கமாக 140 எழுத்து இடம் உண்டு. நம்மவர்கள் மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: என் பெயரே பிரபாகரன். ஒவ்வொரு தடவையும் மாட்டுகிறது. எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதலாமா?

கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். எழுத்து மாறினாலும் பிடிக்கும் மாதிரிதான் அந்த மென்பொருள் செய்யப்பட்டிருக்கிறது. நம் பெயரில் உள்ள சிக்கல் தலைப்பெழுத்து. "K. Prabhakaran" என்றால் அவர்களுக்கு ஒற்றைப் பெயர்தான் மிஞ்சுகிறது. K-ஐ விரித்து அப்பா பெயரையும் எழுதுங்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை வங்கிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ளவரின் பிறந்த தேதியோடு உங்களுடையது ஒத்துப்போகாவிட்டால், ஆளை வேறுபடுத்த அதைவிட நல்ல சான்று இல்லை. சில வங்கிகள் ஏற்கெனவே பார்த்துத் தள்ளிய பொருத்தத்தைக் குறித்துவைக்கும், ஆனால் இடையில் உள்ள வங்கிக்கு அது தெரியாது.

லெனேசியா: எனக்கும் இதே தொல்லை. மகளுக்குப் பெர்த்துக்கு ராண்ட் அனுப்பினால், காரணக் குறியீடு கேட்டு நிறுத்துகிறார்கள்.

அக்கா, அது வேறு. அது ரிசர்வ் வங்கிக்குப் போகும் கணக்கு விவரம். பரிசா, ஜீவனாம்சமா என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

மறுபடி சங்கப் பொருளாளர்: பணம் பறிபோய்விடுமா? உறுப்பினர்கள் என்னைத் துளைக்கிறார்கள்.

இப்போது வெறும் நிறுத்தம்தான். விளக்கம் போதாவிட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். பட்டியலில் உள்ளவரோடு நிஜமாகவே சம்பந்தம் என்று முடிவானால்தான் முடக்கம். அப்போது அமெரிக்க வங்கி பணத்தை வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டு, 10 வேலை நாளுக்குள் அமெரிக்க நிதித்துறையின் தடைப் பிரிவான OFAC-க்கு எழுத வேண்டும். அதை மீட்க அந்தப் பிரிவிடம் உரிமம் கேட்க வேண்டிவரும். அதனால் "முடக்கமா, நிறுத்தமா" என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு, பதிலை உறுப்பினர்களிடம் காட்டுங்கள்.

அவரே, ஆறு நாள் கழித்து: பணம் போய்விட்டது! ஆனால் சிற்பி 25 டாலர் குறைகிறது என்கிறார்.

செலவைப் பகிர்வது என்று படிவத்தில் குறித்திருந்தால் இடை வங்கி தன் கட்டணத்தை எடுத்திருக்கும். பரிசீலனைக்கென்று தனியாக எடுத்தார்களா என்பது வெளியிலிருந்து தெரியாது, கட்டண விவரம் கேளுங்கள். சிற்பிக்கு அந்த 25-ஐ மீதியோடு சேர்த்து அனுப்புங்கள், தனியாக வேண்டாம்.