குடித்த இரவில் நின்று நின்று வரும் மூச்சு

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. எப்போதும் லேசாகக் குறட்டை விடுவார். வாரத்தில் இரண்டு நாள், இரவு எட்டரைக்கு உட்கார்ந்து பத்தரைக்குள் 150 மில்லி விஸ்கி குடிப்பார். பதினோரு மணிக்குப் படுத்தால் அன்று வீடே அதிரும். நடுவில் சத்தம் அடியோடு நின்றுபோய், பிறகு திணறிக்கொண்டு மூச்சு விடுகிறார். கேட்டால், "குடித்தால்தான் தூக்கம் நன்றாக வருகிறது" என்கிறார். சில நாள் தூக்க மாத்திரையும் போடுகிறார். இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மது, தூக்க மாத்திரை இரண்டுமே மூச்சை மந்தமாக்குபவை. குடித்த இரவில் அந்த மாத்திரை கூடவே கூடாது. டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கும், தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இனி குறட்டைக்கு வருவோம். நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதி மென்மையான குழாய். அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகளே, குறிப்பாக நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கும் தசை. தூக்கத்தில் இயல்பாகவே தளரும் இந்தத் தசைகளை மது இன்னும் தளர்த்துகிறது. மூக்கின் உள்சவ்வும் வீங்கிக்கொள்வதால் வாய் திறந்து, நாக்கு பின்னால் சரிகிறது. குழாய் குறுகி அதிர்ந்தால் குறட்டை. முழுக்க மூடிக்கொண்டால் மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா.

ஆனால் தொண்டை அடைப்பதைவிட மூளை எழத் தாமதிப்பதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. மூச்சு அடைத்ததும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. அதை உணர்ந்து மூளை அரைகுறையாக விழித்து, தொண்டையைத் திறக்கிறது. நீங்கள் கேட்கும் திணறல், அப்படி அவர் தப்பிக்கும் சத்தம். மது இந்த விழிப்பைத் தாமதப்படுத்துவதால், 15 விநாடியில் முடிந்திருக்க வேண்டிய தடை அரை நிமிடம்கூட நீளலாம். ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும்.

அவர் இரவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சதவீத விஸ்கி 150 மில்லியில் சுமார் 47 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். எட்டரையிலிருந்தே கரையத் தொடங்குகிறது என்று வைத்தாலும், முழுதும் தீர நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் முதல் மூன்றேகால் மணி ஆகிவிடும். படுக்கும்போது பாதியளவு இன்னும் உடம்பில்தான் இருக்கும். சீக்கிரம் தூங்கிப்போகிறார், அது உண்மை. ஆனால் மது அடக்கி வைத்த கனவுத் தூக்கம் விடியற்காலையில் சேர்த்து வரும். தசைகள் மிக அதிகம் தளரும் கட்டம் அதுதான், எனவே பின்னிரவிலும் நிம்மதி இல்லை. காலையில் வரும் தலைவலியை முழுக்கக் குடியின் மேல் போடாதீர்கள். இரவெல்லாம் மூச்சு தடைப்பட்டாலும் தலை வலிக்கும்.

"படுப்பதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே குடித்து முடியுங்கள்" என்பது வழக்கமான ஆலோசனை. அது சிறிய அளவுக்குத்தான் பொருந்தும், 150 மில்லிக்குப் போதாது. மூச்சு நின்று நின்று வருபவர் மாலைக்குப் பிறகு குடிக்காமலிருப்பதே சரி.

குடித்த நாள் ஒன்று, குடிக்காத நாள் ஒன்று என இரண்டு இரவும் அவர் தூங்குவதை மொபைலில் அரை மணி நேரம் வீடியோ எடுங்கள். மார்பும் முகமும் தெரியட்டும். 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அது ஒரு தடை. குடிக்காத நாளிலும் அப்படி நின்றால் நோய் ஏற்கெனவே இருக்கிறது, மது அதைப் பெரிதாக்குகிறது. வீடியோவோடு மருத்துவரைப் பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மணிக்கு 5 தடைக்கு மேல் இருந்தால் நோய் என்றும், 30க்கு மேல் இருந்தால் தீவிரம் என்றும் கொள்வார்கள்.

வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்த இரவில் பார்க்க வேண்டியது வேறு. தொண்டை அடைத்திருந்தால் மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடி அசையும். காற்று மட்டும் வராது. மது மூளையையே அமுக்கியிருந்தால் மார்பும் அசையாது, திணறலும் வராது. உரக்கக் கூப்பிட்டுத் தோளை அழுத்தி உலுக்கியும் எழாவிட்டாலோ, நிமிடத்துக்கு 8 மூச்சுக்குக் குறைந்தாலோ, இரு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலமாகி உடம்பு குளிர்ந்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலை மடக்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது. மூச்சு நின்றேவிட்டால் மல்லாத்திப் படுக்க வைத்து, போனில் இருப்பவர் சொல்லும் முதலுதவியைத் தொடங்குங்கள். காபி கொடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் பயன்படாது. கடைசியாகக் குடித்தது தூங்கிய பிறகும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று அவரைத் தனியாக விடாதீர்கள்.